தண்டுவடம் பாதி அறுந்தால் வலி, தொடுகை, அசைவு எந்தப் பக்கம் போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெமிசெக்‌ஷன் கேள்வி வந்தாலே இடமா வலமா என்று குழம்பிப் போகிறேன். எங்கிருந்து பிடிப்பது?

மூன்றே மூன்று பாதைகளை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எந்த இடத்தில் பக்கம் மாறுகிறது என்று தெரிந்தால் மீதி தானாக வந்துவிடும்.

அசைவுக்கான கார்ட்டிகோஸ்பைனல் பாதை மூளையிலிருந்து இறங்கி, முகுளத்தின் அடியில் பக்கம் மாறுகிறது. நூற்றுக்கு 85 முதல் 90 இழைகள் அங்கேயே தாண்டிவிடும். ஆகவே தண்டுவடத்துக்குள் வரும்போது அது ஏற்கெனவே தன் சொந்தப் பக்கத்தில் இருக்கிறது. இடப்பக்கத் தண்டுவடத்தில் ஓடுவது இடது காலை அசைக்கும் இழை.

அதிர்வையும் மூட்டின் நிலையையும் உணர்த்துவது டார்சல் காலம், அதாவது பின்பக்கத் தூண். இது எதிர்த்திசையில் மேலே ஏறுகிறது. ஆனால் இதுவும் முகுளத்தை எட்டும்வரை பக்கம் மாறுவதில்லை. இடது காலின் செய்தி இடப்பக்கத்திலேயே மேலே போகிறது.

வலியும் சூடு குளிர்ச்சியும் போகும் ஸ்பைனோதலாமிக் பாதைதான் விதிவிலக்கு. அது தண்டுவடத்துக்குள் நுழைந்தவுடனேயே எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகிறது. இடது காலின் வலி வலப்பக்கத் தண்டுவடத்தில் ஏறுகிறது.

இனி இடப்பக்கத்தைப் பாதியாக அறுத்துப் பாருங்கள். அறுந்தவை இடது காலின் அசைவு, இடது காலின் அதிர்வு உணர்வு, வலது காலின் வலி. மனப்பாடம் செய்ய வேண்டியது "வலி மட்டும் எதிர்ப்பக்கம்" என்பதைத்தான். 1817இல் மொரீஷியஸில் பிறந்த பிரவுன்-செக்வார்ட் பெயரில் இந்தக் கூட்டு அறிகுறி வழங்குவது அவர் இதைத் தெளிவாக விவரித்ததால்தான்.

வலி எதிர்ப்பக்கம் போவது புரிகிறது. ஆனால் அது ஏன் காயத்துக்கு இரண்டு செக்மென்ட் கீழே தொடங்குகிறது?

"நுழைந்தவுடனேயே தாண்டுகிறது" என்று மேலே சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. வலி நரம்பு தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் நேர்க்கோட்டில் குறுக்கே போவதில்லை. லிசாவர் பாதை வழியாக ஒன்றிரண்டு செக்மென்ட் ஏறி, பின்கொம்பில் அடுத்த நரம்பணுவைத் தொட்டு, அதிலிருந்து புறப்படும் இழை நடுவிலுள்ள வெண்பாலத்தைச் சாய்வாகக் கடந்துதான் எதிர்ப்பக்கத் தூணில் சேர்கிறது.

இடப்பக்கம் டி8 மட்டத்தில் அறுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் டி8 தோலிலிருந்து வரும் வலி உள்ளே நுழைந்து ஏறித் தாண்டி, இடப்பக்கம் வந்து சேரும்போது டி7, டி6 அளவில் இருக்கும். அறுந்த இடத்துக்கு மேலே வந்து சேர்ந்துவிட்டதால் அது தப்பியது. ஆனால் வலப்பக்கம் டி10இல் நுழையும் வலி இடப்பக்கம் சேரும்போது டி9, டி8 அளவில்தான் இருக்கும். மேலே போக வழி அடைபட்டிருக்கிறது. அதனால் வலப்பக்கம் ஊசிக் குத்து டி10இலிருந்து கீழே தெரியாது.

தேர்வில் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். "வலி உணர்வு டி10இலிருந்து இல்லை, எனவே காயம் டி10" என்று எழுதிவிடுகிறார்கள். வலியின் மேல்விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு செக்மென்ட் மேலே போய்த்தான் தேட வேண்டும்.

லேசான தொடுகை எந்தப் பக்கம் போகும்? ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கிறது.

பெரும்பாலும் எந்தப் பக்கமும் முழுதாகப் போகாது. பஞ்சால் தொடும் உணர்வுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அதே பக்கத்துப் பின்தூண், இன்னொன்று தாண்டிப் போகும் ஸ்பைனோதலாமிக் பாதையின் முன்பகுதி. பாதி அறுந்தால் இடது காலுக்கு ஒரு வழி மிஞ்சுகிறது, வலது காலுக்கும் ஒரு வழி மிஞ்சுகிறது. நோயாளி "தொட்டது தெரிகிறது, ஆனால் முன்னைப் போல் இல்லை" என்பார், அவ்வளவுதான்.

கேள்வித்தாளில் "நுண்தொடுகை" அல்லது "இரு புள்ளிகளைப் பிரித்தறிதல்" என்று இருந்தால் அவர்கள் கேட்பது பின்தூணை. அதற்கு விடை காயத்தின் அதே பக்கம். வெறும் "தொடுகை" என்று மட்டும் இருந்தால் "ஏறக்குறைய தப்பும்" என்ற விடையைத் தேடுங்கள். புத்தகங்கள் முரண்படுவதாகத் தோன்றுவது இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதால்தான்.

அறுந்த அதே மட்டத்தில் என்ன நடக்கும்? பாதைகளைப் பற்றி மட்டும்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அந்த மட்டம்தான் காயத்தின் முகவரியைக் கொடுக்கிறது. பாதைகள் வெறும் நெடுஞ்சாலைகள், அந்த வழியாகப் போகிற ஊர்கள் எல்லாமே கீழே இருப்பவை. ஆனால் காயம் பட்ட செக்மென்ட்டில் உள்ளே நுழையும் வேர், பின்கொம்பு, முன்கொம்பு எல்லாமே நசுங்குகின்றன.

நுழையும் வேரும் பின்கொம்பும் போவதால், காயத்தின் அதே பக்கத்தில், அதே மட்டத்தில், ஒன்றிரண்டு செக்மென்ட் அகலத்தில் ஒரு பட்டை கிடைக்கும். அதில் வலி, சூடு, தொடுகை எல்லாமே இருக்காது. சிலருக்கு அந்தப் பட்டைக்குச் சற்று மேலே தொட்டாலே எரிச்சலாக இருக்கும்.

முன்கொம்பு போவதால் அந்த செக்மென்ட் இயக்கும் தசை தளர்ந்து மெலியும், அதன் ரிஃப்ளெக்ஸ் மறையும். இது கீழ் இயக்க நரம்புச் சேதம். கீழே உள்ள தசைகளிலோ நேர்மாறாக விறைப்பு, துடிப்பான ரிஃப்ளெக்ஸ், பாதத்தைக் கீறினால் பெருவிரல் மேலே எழுவது. அது மேல் இயக்க நரம்புச் சேதம். ஒரே ஆளில், ஒரே பக்கத்தில் இரண்டும் சேர்ந்து வந்தால், தளர்வு இருக்கும் இடமே காயத்தின் மட்டம்.

கையில் இதைப் பார்ப்பது சுலபம். சி5 முழங்கையை மடக்கும், சி6 மணிக்கட்டைத் தூக்கும், சி7 முழங்கையை நீட்டும், சி8 விரல்களை மடக்கும், டி1 விரல்களை அகட்டும். நெஞ்சு மட்டத்தில் ஒரே ஒரு விலா இடைத் தசை செயலிழந்தாலும் வெளியே தெரியாது. அங்கே மட்டத்தைக் கண்டுபிடிக்க உணர்வுப் பட்டைதான் துணை.

ஒரு கேஸை முதலிலிருந்து கடைசிவரை போட்டுக் காட்டுங்களேன்.

முதுகில் இடப்பக்கமாகக் கத்திக்குத்து வாங்கிய 30 வயது ஆண் ஒருவரை வைத்துக்கொள்வோம். குத்துப்பட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. "இடது கால் வரவில்லை" என்பதுதான் அவர் சொல்லும் ஒரே குறை. கூடவே குளிக்கும்போது வலது காலில் ஊற்றும் தண்ணீர் சூடா பச்சைத் தண்ணீரா என்று தெரியவில்லை என்கிறார், ஆனால் அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதிப் பேருக்கு இப்படித்தான். பலமில்லாத கால்தான் கண்ணில் படும், உணர்வு இல்லாத கால் நன்றாக நடக்கும்.

முதலில் அசைவு. இடது இடுப்பை மடக்கும் பலம் ஐந்துக்கு இரண்டு, வலது கால் ஐந்துக்கு ஐந்து. இடது முழங்கால் ரிஃப்ளெக்ஸ் வேகமாகத் துள்ளுகிறது, இடது பெருவிரல் மேலே எழுகிறது. கைகள் இரண்டும் சரியாக இருக்கின்றன. இதிலிருந்தே இரண்டு முடிவுகள் வந்துவிட்டன. கார்ட்டிகோஸ்பைனல் பாதை இடப்பக்கம் அறுந்திருக்கிறது, அறுந்த இடம் டி1க்குக் கீழேயும் எல்2க்கு மேலேயும் இருக்கிறது. எல்2தான் இடுப்பை மடக்கும் முதல் செக்மென்ட், அது மேல் நரம்புச் சேதத்தில் சேர்ந்துவிட்டது.

அடுத்தது பின்தூண். கண்ணை மூடச் சொல்லி இடது பெருவிரலை மேலும் கீழும் நகர்த்தினால் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. இடது கணுக்காலில் வைத்த 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை அதிர்வது தெரியவில்லை. வலது காலில் இரண்டும் சரி. அசைவும் பின்தூணும் ஒரே பக்கம் போயிருக்கின்றன, வலி மட்டும் எதிர்ப்பக்கம் போயிருந்தால் இது தண்டுவடம்தான்.

பிறகு ஊசி. வலது காலில் கீழிருந்து மேலே வந்தால் தொப்புள் மட்டத்தில்தான் கூர்மை திரும்புகிறது. தொப்புள் என்பது டி10. இடப்பக்கம் கால் முழுக்க ஊசி நன்றாகத் தெரிகிறது. ஆனால் மேலே ஏறி வயிற்றுக்கு வரும்போது, மார்பெலும்பின் கீழ்முனைக்கும் தொப்புளுக்கும் நடுவில், ஒரு பட்டையில் மட்டும் ஊசியும் பஞ்சும் இரண்டும் தெரியவில்லை. மார்பெலும்பின் கீழ்முனை டி6, அதற்கும் தொப்புளுக்கும் நடு என்றால் டி8.

இரண்டு தடயங்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. வலப்பக்க வலியின் விளிம்பு டி10, அதற்கு இரண்டு செக்மென்ட் மேலே டி8. இடப்பக்கப் பட்டையும் டி8. விடை: தண்டுவடத்தின் இடப்பாதி, டி8 செக்மென்ட்.

அப்படியானால் எட்டாவது முதுகெலும்பில்தான் கத்தி பட்டது, சரிதானே?

இல்லை. தண்டுவடம் எலும்புக் குழாயை விடக் குட்டை. பெரியவர்களில் அது முதல் அல்லது இரண்டாம் இடுப்பு எலும்பு அளவில் முடிந்துவிடுகிறது. ஆகவே கீழே போகப் போக எலும்பின் எண்ணும் தண்டுவட எண்ணும் விலகிக்கொண்டே போகும்.

தோராயக் கணக்கு இது. கழுத்து எலும்பின் எண்ணோடு ஒன்று கூட்டினால் தண்டுவட எண் கிடைக்கும். முதல் ஆறு மார்பு எலும்புகளுக்கு இரண்டு, ஏழு முதல் ஒன்பது வரை மூன்று கூட்ட வேண்டும். பத்தாம் மார்பு எலும்புக்கு நேரே இடுப்பு செக்மென்ட்டுகள் தொடங்கிவிடும், முதல் இடுப்பு எலும்பருகே சேக்ரல் செக்மென்ட்டுகள் நெருக்கமாக அடைந்து கிடக்கும்.

நம் நோயாளியின் டி8 செக்மென்ட் ஆறாவது மார்பு எலும்புக்கு நேரே இருக்கிறது. தோள்பட்டை எலும்பின் கீழ்முனை ஏறக்குறைய ஏழாவது எலும்பின் மட்டத்தில் வரும், அதற்கு ஒன்று மேலே.

நடைமுறையில் இதனால் வரும் கோளாறு ஒன்று உண்டு. "கால் வரவில்லை" என்று சொன்னவுடனேயே இடுப்புப் பகுதிக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எழுதிவிடுவார்கள். படம் சுத்தமாக வரும். கால் விறைப்பாக, ரிஃப்ளெக்ஸ் துள்ளிக்கொண்டு, வயிற்றில் உணர்வு விளிம்பு இருந்தால் பிரச்சினை இடுப்பில் இருக்க வாய்ப்பே இல்லை. அங்கே தண்டுவடமே முடிந்திருக்கும்.

குத்துப்பட்ட முதல் நாளில் கால் தொளதொளவென்று கிடக்கிறது, ரிஃப்ளெக்ஸ் இல்லை. விறைப்பு எங்கே போனது?

அது ஸ்பைனல் ஷாக். மேலிருந்து வரும் கட்டளை திடீரென்று நின்றதும், கீழேயுள்ள தண்டுவடம் சில நாட்களுக்கு, சமயங்களில் வாரக்கணக்கில் ஊமையாகிவிடும். அந்தச் சமயத்தில் தளர்வை வைத்து "கீழ் இயக்க நரம்புச் சேதம்" என்று முடிவெடுத்தால் மட்டம் மொத்தமாகத் தவறும். முதல் நாட்களில் நம்பத் தகுந்தது உணர்வு விளிம்பும், எந்தப் பக்கம் எது போயிற்று என்பதும்தான். கேள்வியில் "குத்துப்பட்ட சில மணி நேரத்தில்" என்று காலம் கொடுத்திருந்தால் அது சும்மா கொடுத்ததல்ல.

ஊசியும் பஞ்சும் வைத்துச் சோதிக்கும்போது எங்கே தப்பு நடக்கிறது?

பெரிய தப்பு, உணர்வுள்ள இடத்திலிருந்து தொடங்கி இல்லாத இடம் நோக்கிப் போவது. நோயாளிக்கு "இன்னும் தெரிகிறதோ" என்ற சந்தேகம் இழுத்துக்கொண்டே போகும், விளிம்பு உண்மையை விடக் கீழே விழும். இல்லாத இடத்திலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். "கூர்மையாக மாறும்போது சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மாறிய இடத்தில் தோலில் மையால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த நாள் அதே கோட்டோடு ஒப்பிட்டால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

இரண்டாவது, "தெரிகிறதா?" என்று மட்டும் கேட்பது. ஊசியின் மழுங்கிய முனை பட்டாலும் அது தொடுகையாகத் தெரியும், நோயாளி "தெரிகிறது" என்பார். கேட்க வேண்டியது "கூராக இருக்கிறதா, மொட்டையாக இருக்கிறதா?" என்று. வலிப் பாதையும் தொடுகைப் பாதையும் பிரிவது இந்த ஒரு கேள்வியில்தான்.

பெருவிரலை நகர்த்தும்போது மேலும் கீழும் பிடிக்கக் கூடாது, பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். மேலே அழுத்தினால் அழுத்தத்தை வைத்தே திசையைச் சொல்லிவிடுவார்கள், மூட்டு நிலை உணர்வு நன்றாக இருப்பதாக ஏமாறுவோம்.

ஆசனவாயைச் சுற்றி ஊசி வைத்துப் பார்க்காமல் பரிசோதனையை முடிக்காதீர்கள். கூச்சமாக இருந்தாலும் அந்த எஸ்4, எஸ்5 தோல்தான் காயம் முழுமையா அரைகுறையா என்று சொல்கிறது.

கழுத்து மட்டத்தில் பாதி அறுந்தால் கூடுதலாக என்ன பார்க்க வேண்டும்?

கை சேர்ந்துகொள்ளும் என்பது தெரிந்ததே. மறக்கிற விஷயம் கண். மூளையிலிருந்து முகத்துக்கான சிம்பதெடிக் பாதை அதே பக்கத்துக் கழுத்துத் தண்டுவடத்தில் இறங்கி, சி8 முதல் டி2 வரையுள்ள செக்மென்ட்டுகளிலிருந்து வெளியேறுகிறது. அங்கே அல்லது அதற்கு மேலே அறுந்தால் அதே பக்கம் இமை சற்றுத் தொங்கும், கண்மணி சிறுக்கும், முகத்தில் வியர்க்காது. இதை ஹார்னர் என்பார்கள். நெஞ்சின் நடுப்பகுதியில் அறுந்தால் இது வராது.

இரண்டு காலிலும் வலி உணர்வு போயிருந்தால் அது ஹெமிசெக்‌ஷன் ஆகுமா?

ஆகாது. அப்போது வேறு வடிவத்தை யோசிக்க வேண்டும்.

தண்டுவடத்தின் நடுவில் பை போல நீர் தேங்கும் சிரிங்கோமயிலியாவில், வலி இழைகள் தாண்டும் அந்த வெண்பாலமே அறுபடுகிறது. அங்கே இரு பக்கத்து இழைகளும் இருப்பதால் இரு கையிலும், தோள்களிலும் சால்வை போர்த்தியது போல வலியும் சூடும் போகும். பின்தூண் தொடப்படாததால் தொடுகையும் மூட்டு நிலையும் இருக்கும். கையில் சூடுபட்ட தழும்புகள் இருந்து, அவருக்கே அது தெரியாது என்றால் இதை நினையுங்கள்.

முன்பக்கத் தமனி அடைபட்டால் தண்டுவடத்தின் முன் மூன்றில் இரண்டு பங்கு போகும். இரண்டு காலிலும் அசைவும் வலியும் போய்விடும், பின்தூணுக்கு வேறு தமனிகள் இருப்பதால் அதிர்வும் மூட்டு நிலையும் தப்பும். வைட்டமின் பி12 குறைபாட்டில் இதற்கு நேரெதிராகப் பின்தூண் முதலில் அடிபடும், கூடவே பக்கவாட்டிலுள்ள அசைவுப் பாதையும் சேரும், ஊசிக் கூர்மை நன்றாகவே இருக்கும்.

அசைவும் உணர்வும் எல்லாமே ஒரே பக்கம் போயிருக்கிறதே?

மூளைக்குப் போய்த் தேடுங்கள். முகுளத்துக்கு மேலே மூன்று பாதைகளும் பக்கம் மாறி முடித்திருக்கும், எனவே மூன்றுமே எதிர்ப்பக்கம் சேர்ந்து போகும்.

வலி விளிம்பு டி10இல் இருக்கிறது. டி8 பகுதியைப் படம் எடுத்தோம், ஒன்றுமில்லை. எங்கே விட்டோம்?

கத்தியைப் போல ஒரே வெட்டில் அறுத்த காயத்துக்குத்தான் "இரண்டு செக்மென்ட் மேலே" என்ற கணக்கு பொருந்தும். வெளியிலிருந்து மெல்ல அமுக்கும் கட்டிக்கு அது பொருந்தாமல் போகலாம்.

ஸ்பைனோதலாமிக் பாதையில் இழைகள் அடுக்காக இருக்கின்றன. கீழிருந்து வருபவை, அதாவது பாதம், ஆசனவாய்ப் பகுதிக்கானவை, வெளி விளிம்பில் ஓடும். கைக்கானவை உள்ளே நடுவை ஒட்டி ஓடும். புதிதாகச் சேரும் இழை ஒவ்வொன்றும் உட்புறமாகச் சேர்வதால் இந்த வரிசை. வெளியிலிருந்து அமுக்கும் கட்டி முதலில் தொடுவது வெளி விளிம்பை. அதனால் கழுத்தில் இருக்கும் கட்டிகூட முதலில் பாதத்தில் மரத்துப்போவதாகத் தொடங்கி, வாரங்களில் முழங்கால், இடுப்பு, தொப்புள் என்று ஏறிவரும். ஏறிக்கொண்டிருக்கும் நடுவழியில் பரிசோதித்தால் விளிம்பு தொப்புளில் இருக்கும், கட்டியோ மேலே வெகு தொலைவில் இருக்கும்.

ஆகவே விளிம்பு நாளுக்கு நாள் மேலே போனால், காயத்தின் மட்டத்துக்கான பட்டை எதுவும் கிடைக்காவிட்டால், கழுத்துவரை முழுத் தண்டுவடத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். தோலில் போட்ட மைக்கோடு இங்கேதான் உதவும்.

இதே அடுக்கை வைத்து மறுபுறமும் யோசிக்கலாம். தண்டுவடத்துக்கு உள்ளிருந்து வளரும் கட்டி நடுவிலிருந்து வெளியே தள்ளும், வெளி விளிம்பு கடைசியில்தான் போகும். வயிறு முழுக்க ஊசி தெரியாமல் ஆசனவாயைச் சுற்றி மட்டும் தெரிந்தால் அது உள்ளேயிருந்து வருவது என்று சந்தேகிக்கலாம்.

பாதி அறுந்தால் சிறுநீர் நின்றுபோகுமா?

பொதுவாக ஓரளவு தப்பும். சிறுநீர்ப்பைக்கான பாதைகள் இரு பக்கமும் ஓடுவதால் ஒரு பக்கம் மிஞ்சினாலும் வேலை நடக்கும். முழுதாக அடைபட்டிருந்தால் மறுபாதியும் அடிபட்டிருக்கிறது என்று பொருள். ஆனால் முதல் நாட்களில் ஸ்பைனல் ஷாக்காலும் அடைபடலாம் என்பதை மறக்காதீர்கள். நோயாளிகளில் அச்சு அசலாகப் பாதி மட்டும் அறுவது அரிது, கத்தி புத்தகத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் கொஞ்சம் என்பதே வழக்கம்.

கடைசியாக ஒன்று: வலது கை விரல்களை அகட்ட முடியவில்லை, வலது கால் விறைப்பு, வலது இமை தொங்குகிறது, இடப்பக்கம் மார்பிலிருந்து கீழே ஊசி தெரியவில்லை. எங்கே?

கால் விறைப்பும் கை பலவீனமும் வலப்பக்கம், ஊசி இடப்பக்கம். ஆகவே வலப்பாதி. விரல்களை அகட்டும் தசை மெலிந்து தளர்ந்திருந்தால் முன்கொம்பு டி1இல் போயிருக்கிறது. தொங்கும் இமை சி8 முதல் டி2 வரை என்று அதை உறுதிசெய்கிறது. முழங்கையை மடக்கவும் நீட்டவும் முடிந்தால் சி7வரை தப்பியிருக்கிறது. இடப்பக்க விளிம்பு டி2, டி3 அளவில், முலைக்காம்புக்குச் சற்று மேலே வந்திருக்க வேண்டும். முலைக்காம்பு டி4 என்பதால் விளிம்பு அங்கே இருந்தாலும் பதறத் தேவையில்லை, வலி மட்டும் தாமதமாகத் தாண்டும் பாதை அது. படம் எடுப்பதானால் ஏழாவது கழுத்து எலும்பும் முதல் மார்பு எலும்பும் நடுவில் வரும்படி எடுக்க வேண்டும், டி1 செக்மென்ட் ஏறக்குறைய அவை சேரும் இடத்துக்கு நேரேதான் இருக்கிறது.